வாவிச் சேறும் யிற்றியமும்

[திரையில்: கல்லடிப் பாலம், பிறகு தட்டில் காய்ந்த சேறு]

வணக்கம். இது மட்டக்களப்பு வாவியின் அடிச்சேறு. செப்பு, நாகம், ஈயம், இரும்பு எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் அளக்க ஐசிபி உமிழ்வுக் கருவி போதும். ஆகன் வாயுவில் எரியும் பிளாஸ்மாவின் சூடு 6,000 கெல்வினுக்கும் மேல். அந்தச் சூட்டில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிவிடும். ஆனால் உள்ளே போவது தெளிந்த கரைசலாக இருக்கவேண்டும்.

[திரையில்: புகைக்கூண்டு, டெஃப்ளான் பாத்திரம்]

காயவைத்து, அரைத்து, அரித்த சேற்றில் 0.5 கிராம் எடுக்கிறோம். அதில் 9 மில்லிலீற்றர் நைத்திரிக் அமிலமும் 3 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்க்கிறோம். வாவிச் சேற்றில் சிப்பித்தூள் இருக்கும், அதனால் அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்வரை மூடியைப் பூட்டாதீர்கள். அப்புறம் மைக்ரோவேவ் கருவியில் 175 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, ஆறவிட்டு, 50 மில்லிலீற்றருக்கு நிரப்புகிறோம். அடியில் கொஞ்சம் வெள்ளை மணல் மிஞ்சும். அது சிலிக்கேற்று, இந்த அமிலங்களுக்கு மசியாது. ஆகவே அலுமினியத்துக்கு வரும் எண்ணை மொத்த அளவு என்று எழுதக்கூடாது.

அமிலமும் உப்பும் கூடிய கரைசல் கனத்துவிடும், பிளாஸ்மாவுக்குப் போகும் தெளிப்பு குறையும். இதைச் சரிகட்டத்தான் உள்ளக நியமம். எல்லாக் குடுவைகளிலும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரும்படி யிற்றியம் என்ற தனிமத்தை விடுகிறோம். அது 0.90 என்று வாசித்தால், மற்றவையும் அதே அளவு குறைந்திருக்கும் என்று கொள்கிறோம். செப்பு 0.27 காட்டினால், 0.90ஆல் வகுத்து 0.30. கரைசலாக்கியது 100 மடங்கு, ஆகவே சேற்றில் கிலோவுக்கு 30 மில்லிகிராம்.

[திரையில்: யிற்றியம் 371.029 நா.மீ. உச்சி]

சிக்கல் இங்கேதான். மண்ணிலும் சேற்றிலும் இயல்பாகவே யிற்றியம் உண்டு, கிலோவுக்கு 20, 30 மில்லிகிராம்கூட வரலாம். 25 மில்லிகிராம் கரைந்து வந்தது என்று வைப்போம். நம் குடுவையில் அது லீற்றருக்கு 0.25. நாம் விட்டதோடு சேர்த்தால் 1.25, தெளிப்பு குறைந்ததால் கருவி வாசிப்பது 1.125. மென்பொருளுக்கு இது தெரியாது. செப்பை 1.125ஆல் வகுத்து 0.24 என்று தரும். 30 இருந்த இடத்தில் 24! ஒரே தவறு எல்லாத் தனிமங்களிலும் ஒரே வீதத்தில் விழுவதால், முடிவுகளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு குடுவையில் மட்டும் யிற்றியம் விடாமல் ஓட்டுங்கள். அங்கேயும் உச்சி தெரிந்தால் அது சேற்றின் சொந்தச் சரக்கு. யிற்றியத்தின் மீட்பு, அதாவது நாம் விட்டதில் கருவி வாசிக்கும் பங்கு, 100 வீதத்தைத் தாண்டுவதும் ஓர் அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். தெளிப்பு நன்றாகக் குறைந்தால் அந்தக் குறைவும் சேற்றின் யிற்றியமும் ஒன்றையொன்று மறைத்து, 100க்குப் பக்கத்திலேயே நிற்கும்.

1க்குப் பதில் 5 மில்லிகிராம் விட்டால், அதே செப்பு 28.6 என்று வரும். முழுதாகத் தீராது, ஆனாலும் பரவாயில்லை. ஸ்காண்டியத்துக்கு மாறுவதில் பயனில்லை, அதுவும் சேற்றில் இருக்கிறது. இண்டியம் சேற்றில் மிகக் குறைவு. ஆனால் அதன் ஒளி மங்கல், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே விடவேண்டும்.