பாக்கி கேட்டு எழுதும்போது

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் லாங்கு பஜாரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பல வருஷமாகக் கணக்கு எழுதி வருகிறேன். கணக்கு எழுதுகிறவனிடம் வருகிற வேலையில் பாதி, வராத பணத்தைப் பற்றியதுதான். "ஐயா, இந்த ஆளுக்கு என்ன மெசேஜ் போடறது, நீங்களே சொல்லுங்க" என்று போனை நீட்டுவார்கள். அப்படி நீட்டப்பட்ட ஒரு போனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

காட்பாடியில் ஒரு அம்மா அட்டைப்பெட்டி செய்கிறார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு மிஷின், நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர் பெட்டி கொடுப்பதெல்லாம் ஸ்வீட் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும். ஆற்காட்டில் மக்கன் பேடா போடுகிற ஒரு கடைக்காரர் ஏழெட்டு வருஷமாக அவருடைய வாடிக்கையாளர். இந்த அம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணனிடம் தீபாவளிச் சரக்கின் பணம் நின்றுவிட்டது. அட்டை வாங்கிய இடத்தில் இவருக்கும் பாக்கி. சனிக்கிழமை ஆனால் நான்கு பேருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

போனில் இரண்டு மெசேஜ் இருந்தன. நவம்பர் முதல் வாரத்தில் போட்டது இது: "அண்ணே வணக்கம், நல்லா இருக்கீங்களா, அந்தப் பாக்கி கொஞ்சம் பாத்து போடுங்க, ரொம்ப டைட்டா இருக்கு, தப்பா நெனைக்காதீங்க." அதற்கு அவர் கும்பிடுகிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து ராத்திரி பத்தரை மணிக்கு அந்த அம்மா தட்டிய இரண்டாவது மெசேஜ்: "எத்தன தடவ கேக்கறது? சாப்பாட்டுக்கு வழியில்லாதவங்க மாதிரி கேக்க வைக்கிறீங்க. மனசாட்சி இருந்தா போடுங்க." இது இன்னும் போகவில்லை. அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். நல்ல வேளை.

முதல் மெசேஜ் கெஞ்சுகிறது, இரண்டாவது திட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். எந்த பில், எவ்வளவு ரூபாய், எந்தத் தேதிக்குள், எங்கே போடுவது என்ற நான்கும் இரண்டிலுமே இல்லை. "கொஞ்சம் பாத்து" என்றால் எவ்வளவு? ஆயிரம் போட்டாலும் அது கொஞ்சம் பார்த்ததுதான். "தப்பா நெனைக்காதீங்க" என்றால், கேட்பதே தப்பு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. திட்டுகிற மெசேஜில் வேறு கெடுதல். அதற்குப் பிறகு பேச்சு பணத்தைப் பற்றி இருக்காது. "என்னைப் பார்த்து மனசாட்சி இருக்கான்னு கேட்டுட்டியேம்மா" என்று அவர் ஆரம்பித்தால், நியாயம் அவர் பக்கம் போய்விடும், பாக்கி அப்படியே இருக்கும்.

நான் அந்த அம்மாவிடம் முதலில் கேட்டது பேனா இல்லை, பில் புக். எழுதுவதற்கு முன் கணக்கு நேராக வேண்டும். மூன்று பில் இருந்தன. ஆகஸ்ட் 14 அன்று போட்ட 212ஆம் எண் பில், 18,400 ரூபாய். செப்டம்பர் 6 அன்று 231, 22,750 ரூபாய். அக்டோபர் 3 அன்று 258, 31,200 ரூபாய். கூட்டினால் 72,350. தீபாவளி முடிந்து அக்டோபர் 28 அன்று அவர் 15,000 அனுப்பியிருக்கிறார். ஆக பாக்கி 57,350 என்று அந்த அம்மா சொன்னார், அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

"சரக்கு ஏதாவது திரும்பி வந்ததாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசி லோடில் 200 பெட்டி மழையில் நனைந்து திரும்பி வந்ததாகச் சொன்னார். பெட்டி ஒன்று வரியோடு 7 ரூபாய், மொத்தம் 1,400. திரும்பிய சரக்கின் தொகையை பில்லில் கழித்து எழுதிக் கொடுக்கும் கிரெடிட் நோட்டை இவர் போடவே இல்லை. ஆற்காட்டு அண்ணன் வாய் திறக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நாம் 57,350 என்று எழுதியிருந்தால் அவர் ஒரே வரியில், "முதல்ல கணக்கைச் சரி பண்ணிட்டு வாம்மா" என்று ஒரு மாசம் தள்ளியிருப்பார். 1,400 ரூபாய் தப்பு 55,950 ரூபாயைக் கட்டிப்போட்டுவிடும். அன்றைக்கே கிரெடிட் நோட் எழுதினோம். வந்த 15,000 ரூபாயை எந்த பில்லுக்கென்று அவர் சொல்லவில்லை. அதனால் பழைய பில்லில் முதலில் கழித்தோம். 212இல் மிச்சம் 3,400 ஆயிற்று.

அப்புறம்தான் கடிதம். நாங்கள் எழுதியதை அப்படியே படிக்கிறேன்.

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எங்கள் பெட்டிகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து வாங்கி வருவதற்கு நன்றி. நவம்பர் 20ஆம் தேதி நிலவரப்படி உங்கள் கணக்கில் நிலுவை ரூ.55,950. இதில் பில் எண் 212இல் மீதி ரூ.3,400. பில் எண் 231க்கு ரூ.22,750. பில் எண் 258க்கு, நனைந்து திரும்பிய 200 பெட்டிகளுக்கான ரூ.1,400 கழித்து, ரூ.29,800. பில்லில் குறித்த 30 நாள் தவணை மூன்றுக்கும் முடிந்துவிட்டது. கடைசி பில்லின் தவணை நவம்பர் 2. நிலுவைத் தொகையை நவம்பர் 30ஆம் தேதிக்குள் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் வித்தியாசம் இருந்தால் 25ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள், உடன் அமர்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த நிலுவை முடியும் வரை புதிய ஆர்டர்களை முழுப் பணமும் முன்னதாகப் பெற்ற பிறகே எடுக்க இயலும். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் விவரத்தை அனுப்புங்கள்."

கீழே வங்கிக் கணக்கு விவரம், கையெழுத்து, தேதி. கூடவே மூன்று பில், கிரெடிட் நோட் ஆகியவற்றின் நகல்.

"அண்ணன்னு போடலாமா ஐயா, நோட்டீஸ் மாதிரி இருக்கணும்னு சொன்னீங்களே" என்று கேட்டார். போடலாம். ஏழெட்டு வருஷம் அண்ணே என்று கூப்பிட்டவரை ஒரே நாளில் "ஐயா, தாங்கள்" என்று மாற்றினால் அதுவே ஒரு சண்டை மாதிரி இருக்கும். உறவு முறை தொடக்கத்தில் ஒரு தடவை வரட்டும். அதற்குப் பிறகு வருகிற வரிகளில் எண்ணும் தேதியும் மட்டும் இருக்கட்டும். நம் கஷ்டம் ஒரு வரிகூட வேண்டாம். கூலி கொடுக்கணும், வட்டி கட்டணும் என்பதெல்லாம் நிஜம்தான். ஆனால் அதை எழுதினால் கடன் உதவி கேட்கிற கடிதமாகிவிடும். கொடுத்த சரக்குக்கு விலை கேட்கிறோம், அதற்குச் சரக்கு கொடுத்ததே போதுமான காரணம்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை அவர் மட்டும் படிக்கப் போவதில்லை. கல்லாவில் உட்காரும் மகன் படிப்பார், அவருடைய கணக்குப்பிள்ளை படிப்பார். போனில் என்ன பேசினீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர் படித்தாலும் இவ்வளவு கொடுக்க வேண்டும், இந்தத் தேதிக்குள் என்று விளங்க வேண்டும். நான் எழுதியதை அந்த ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "யாரு, எவ்வளவு, எப்ப" என்று கேட்டேன். மூன்றையும் உடனே சொன்னார். அதன் பிறகுதான் அனுப்பினோம்.

முன்பணம் பற்றிய வரியை அந்த அம்மா எடுக்கச் சொன்னார், அண்ணன் கோவித்துக்கொள்வாராம். நான் விடவில்லை. முதல் கடிதத்தில் கோர்ட், போலீஸ் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 56 ஆயிரத்துக்கு இவர் கோர்ட்டுக்குப் போகமாட்டார் என்று எதிராளிக்குத் தெரியும். போலீஸ் பாக்கி வசூலித்துக் கொடுக்கிற இடமும் இல்லை. செய்ய முடியாததை எழுதினால் அடுத்த கடிதத்தையும் யாரும் மதிக்கமாட்டார்கள். சரக்கை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது, நாளைக்கே செய்யலாம். அதனால் அதை எழுதலாம். வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போடுவது, அவர் வீட்டம்மாவுக்கு மெசேஜ் போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மானநஷ்டம் என்று அவர் நம்மேல் திருப்புவார்.

வெள்ளிக்கிழமை அனுப்பவில்லை. லட்சுமி வெளியே போகக்கூடாது என்று அன்றைக்குக் கல்லாவைத் திறந்து கொடுக்காதவர்கள் நம் ஊரில் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் ஜும்மா நேரமும் இருக்கிறது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோம். அன்றைக்கே பையன் ஒருவன் கடையில் நேரில் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கி வந்தான்.

இதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் போகும், அதில் சட்டம் பேசலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. புகார் விசாரிக்கத் தனி மன்றமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இந்த அம்மா பெட்டி செய்கிறவர், உத்யம் பதிவும் இருக்கிறது, அதனால் அவர் எழுதலாம். வாங்கி விற்கிற கடைக்காரர்கள் இந்த வரியை எழுதக்கூடாது. வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு கொடுக்கிறார்கள், ஆனால் அது வங்கிக் கடன் சலுகைக்கு மட்டும்தான்.

அண்ணன் செவ்வாய்க்கிழமை போன் செய்தார். கோபமில்லை. நனைந்த பெட்டியைக் கழித்தது நல்லது என்றுதான் ஆரம்பித்தாராம். முழுசாக முடியாது, இரண்டாகத் தருகிறேன் என்றார். அந்த அம்மா போனை வைத்த கையோடு எழுதி அனுப்பினார்: "அண்ணே, இன்று பேசியபடி நவம்பர் 30 அன்று ரூ.30,000, டிசம்பர் 12 அன்று ரூ.25,950. சரிதானே?" அவர் "சரி" என்று பதில் போட்டார். அது போதாது, நிலுவைத் தொகையைத் தாளில் எழுதி அவரிடம் தேதியுடன் கையெழுத்தும் வாங்குங்கள் என்றேன். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடும்.

முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது வரவில்லை. 13ஆம் தேதி காலை அந்த அம்மா இந்தத் தடவை என்னைக் கேட்காமல் தானே எழுதினார்: "அண்ணே வணக்கம். நேற்று வர வேண்டிய ரூ.25,950 இன்னும் வரவில்லை. 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் போட்டுவிடுங்கள்." 15ஆம் தேதி மூன்றரை மணிக்குப் பணம் ஏறியது. நான்கு மணிக்கு, நிலுவை இல்லை என்று எழுதிய ரசீது ஆற்காட்டுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு 1,500 பெட்டி வேண்டும் என்று மறுநாள் ஆர்டர் வந்தது, பாதிப் பணம் முன்னதாகவே போட்டிருந்தார்.