நுரை நிற்கும் கோல்ட் காபி

நேயர்களுக்கு வணக்கம். சென்ற கோடையில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் மூன்று மணி, கடற்காற்றே அனலாக வீசியது. மதினி எனக்காகக் கோல்ட் காபி போட்டார். காலையில் காய்ச்சிய பால் அடுப்படி மேடையிலேயே ஆறிக் கிடந்தது. அதை மிக்சியில் ஊற்றி, காபித்தூள், சர்க்கரை, ஐஸ் கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினார். ஊற்றும்போது நுரை பொங்கித்தான் வந்தது. முறுக்குத் தட்டை எடுத்து வருவதற்குள் பெரிய பெரிய குமிழாகி உடைந்துவிட்டது. மேலே நெய்ப் பொட்டுகள் மிதந்தன. அடியில் சர்க்கரை கரையாமல் நறநறத்தது.

"உன் வீட்டுல குடிச்சா நுரை அப்படியே நிக்குதே, என்னம்மா போடுற?" என்று கேட்டார்.

தனியாக எதையும் போடுவதில்லை. அங்கே கெடுத்தது பாலின் சூடுதான். பாலில் உள்ள புரதம் ஒவ்வொரு காற்றுக் குமிழையும் சுற்றி மெல்லிய தோல் போலப் படியும். நுரை நிற்பது அந்தத் தோலால்தான். பால் நன்றாகக் குளிர்ந்திருந்தால் கொழுப்பு இறுகி ஒதுங்கியிருக்கும். நம் ஊர் அடுப்படிச் சூட்டில் அது பாதி இளகியிருக்கும். இளகிய கொழுப்பு குமிழின் தோலுக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். ஐஸ் போட்டோமே என்றால், அந்தச் சூட்டில் ஐஸ் உடனே உருகி, பாலை நீர்க்க வைத்ததுதான் மிச்சம்.

அதனால் காய்ச்சிய பாலை ஆறவைத்து, ஆடையை முழுக்க எடுத்து, முடிந்தால் வடிகட்டி, குறைந்தது நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும்.

மறுநாள் மதினி வீட்டிலேயே செய்து காட்டினேன். இரண்டு டம்ளருக்கு 300 மில்லி பால். முதலில் பாலைத் தொடவே இல்லை. சின்னக் கிண்ணத்தில் 2 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள், 4 டீஸ்பூன் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, விரலில் தொட்டால் நறநறப்பு இல்லாத அளவுக்குக் கரைத்தேன். அது ஆறியதும் சட்னி ஜாரில் ஊற்றி, இரண்டு ஐஸ் கட்டி போட்டு அரை நிமிடம் ஓட்டினேன். கறுப்பாக இருந்தது வெளுத்து, பால்கோவா நிறத்துக்கு வந்து கொழகொழவென்று உப்பியது. காபித்தூளுக்கே நுரைக்கும் குணம் உண்டு. சர்க்கரைக் கரைசல் கெட்டியாக இருப்பதால் நீர் சட்டென்று கீழே வடியாது. கெடுக்கக் கொழுப்பும் அங்கே இல்லை.

அப்புறம் பெரிய ஜாருக்கு மாற்றி, குளிர்ந்த பாலை ஊற்றிப் பதினைந்து விநாடி மட்டும் ஓட்டினேன். இங்கேதான் பலரும் நுரை இன்னும் வரட்டுமென்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஓட்டினால் பால் சூடேறும், கொழுப்பு திரண்டு வெண்ணெயாகப் பிரியும். டம்ளர் சுவரில் சின்னச் சின்ன மஞ்சள் துணுக்கு ஒட்டினால், ஓட்டியது அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

இனிப்புக்கு வருகிறேன். குளிர்ச்சி நாக்கில் இனிப்பைக் குறைத்துக் காட்டும். கரைசலில் கொஞ்சத்தைத் தனியே எடுத்துப் பாலைக் கலந்து, ஐஸ் சேர்க்கும் முன்பே ருசி பாருங்கள். அப்போது ஒரு பிடி தூக்கலாக இருந்தால் குளிர்ந்ததும் சரியாக இருக்கும். குறைந்துவிட்டதென்று கடைசியில் சர்க்கரையைத் தூவினால் குளிர்ந்த பாலில் அது எளிதில் கரையாது. பாகாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேருங்கள்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைப்பவர்கள் அதையும் போடலாம். தட்டி, கொஞ்சம் நீரில் கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறவிட வேண்டும். சூடாகச் சேர்த்தால் பால் திரிந்துவிடலாம். கருப்பட்டிக்கே லேசான கசப்பும் உப்புச் சாயலும் இருப்பதால், காபித்தூளை அரை டீஸ்பூன் குறைத்துக்கொள்வேன்.

ஐஸுக்கு நான் போர் தண்ணீரை ஊற்றுவதே இல்லை. கரையோரத்தில் பல இடங்களில் அது உப்பு, உருக உருகக் காபியில் இறங்கும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து உறையவிடுகிறேன். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸை உடைத்துப் போடவே கூடாது, அது குடிக்க ஏற்றதல்ல. பாலையே கட்டியாக உறையவைத்துப் போட்டால் இன்னும் நல்லது. உருகினாலும் நீர்த்துப்போகாது.

கரண்டு இல்லாத மதியம் என்றால், அகலவாய் மூடி போட்ட பாட்டிலில் கரைசலையும் மூன்று ஐஸ் கட்டியையும் போட்டு இரண்டு நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். பிறகு பாலை ஊற்றிப் பத்துத் தடவை. பாட்டிலில் பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும், நுரைக்கக் காற்று வேண்டுமே. மதினி இப்போது இப்படித்தான் செய்கிறார். கடைசித் துளியைக் குடிக்கும்போதும் டம்ளர் ஓரத்தில் நுரை வளையம் ஒட்டியிருக்கிறது.