76,800 பெரிதா, 1,24,800 பெரிதா: ஒரு தண்ணீர்க் கணக்கு அட்டவணை

[திரையில்: சுவரில் ஒட்டிய அச்சுத்தாள். எல்லா எண்களும் இடப்பக்கம் ஒட்டியிருக்கின்றன.]

வணக்கம். பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் கோடைக்கால டேங்கர் தண்ணீர்ச் செலவை இப்படித்தான் ஒட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏப்ரலைவிட மார்ச்சில்தான் செலவு அதிகமா?" என்று கேட்டார். அவர் பார்வையில் பிழையில்லை. தாளில் மார்ச்சின் 76,800க்கு நேர் கீழே ஏப்ரலின் 1,24,800 இருந்தது. ஏழுக்குக் கீழே ஒன்று நிற்கும்போது, கண் முதல் இலக்கத்தைத்தான் ஒப்பிடும்.

பள்ளியில் கூட்டல் கணக்கு எழுதியது நினைவிருக்கிறதா? ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து. எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தினால் அந்த ஒழுங்கு தானாக வந்துவிடும். பெரிய எண் இடப்பக்கம் நீண்டு தெரியும். படிக்கும் முன்பே அளவு புரியும்.

[திரையில்: திருத்திய அட்டவணை]

| மாதம் | டேங்கர் லோடு | தண்ணீர் (கிலோலிட்டர்) | செலவு (₹) |
|:--|--:|--:|--:|
| ஜனவரி | 9 | 108 | 10,800 |
| பிப்ரவரி | 21 | 252 | 25,200 |
| மார்ச் | 64 | 768 | 76,800 |
| ஏப்ரல் | 104 | 1,248 | 1,24,800 |
| மொத்தம் | 198 | 2,376 | 2,37,600 |

மாதப் பெயர்கள் சொற்கள். அவை இடப்பக்கமே இருக்கட்டும். எண்களுக்கு மேலுள்ள தலைப்பையும் வலப்பக்கம் தள்ளுங்கள்; இல்லையென்றால் தலைப்பு ஒரு பக்கமும் எண் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். ஒரு நெடுவரிசையில் பைசா காட்டினால் எல்லா வரியிலும் இரண்டு தசம இடம் காட்டுங்கள். ஒன்றில் 450 என்றும் அடுத்ததில் 450.50 என்றும் இருந்தால், வலப்பக்கம் ஒட்டியும் பயனில்லை.

எழுத்துருவையும் சோதித்துப் பாருங்கள். 11111 என்று அடித்து அதன் கீழே 88888 அடியுங்கள். இரண்டும் ஒரே அகலத்தில் வரவேண்டும். ஒன்று மட்டும் ஒல்லியாக இருக்கும் எழுத்துருவில் இலக்கங்கள் வரிக்கு வரி நகர்ந்துவிடும்.

[திரையில்: "108 கிலோலிட்டர்" என்று கட்டத்துக்குள் அடிக்கப்படுகிறது. மொத்தம் 0 ஆகிறது.]

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பழைய தாளில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அலகைச் சேர்த்தே அடித்திருந்தார்கள். எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது, சொல்லாகவே பார்க்கும். SUM அதைக் கூட்டாமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் தராது. நான்கு கட்டங்களில் ஒன்றில் மட்டும் அப்படி அடித்திருந்தால் இன்னும் ஆபத்து. மொத்தம் நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் குறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீங்கள் எந்த ஒழுங்கும் அமைக்காத தாளில் எண் தானாக வலப்பக்கம் போகும், சொல் இடப்பக்கம் நிற்கும். எண் நெடுவரிசையில் ஒன்று மட்டும் இடப்பக்கம் நின்றால் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

அதனால் அலகைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். "கி.லி." என்று சுருக்காதீர்கள். ஒரு டேங்கர் 12 கிலோலிட்டர், அதாவது 12,000 லிட்டர். கூட்டத்தில் ஒருவர் 1,248ஐ லிட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒரு லிட்டர் 100 ரூபாயா என்ற சண்டையில்தான் அது முடியும்.

லட்சத்துக்குரிய காற்புள்ளி வராமல் 124,800 என்று காட்டினால், எக்செல்லின் தனிப்பயன் எண் வடிவத்தில் இதை ஒட்டுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இதற்கு ஒரு வரம்பு உண்டு. லட்சத்தைத் தாண்டிய கழிவுத் தொகை எதிர்மறை எண்ணாக வந்தால், காற்புள்ளி பழையபடி மூன்று இலக்கத்துக்கு ஒன்றாகவே விழும்.

[திரையில்: கட்டக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.]

இனி கோடுகள். பழைய தாளில் ஒவ்வொரு எண்ணையும் தடித்த பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். மூன்று கோடுகள் போதும் என்பேன்: தலைப்பின் கீழ், மொத்தத்தின் மேல், கடைசியில். அரை பாயின்ட் தடிமன் போதும். குத்துக்கோடு வேண்டவே வேண்டாம். வலப்பக்கம் ஒட்டிய எண்களே ஒரு நேர்விளிம்பை உண்டாக்கிவிடுகின்றன.

நான்கு மாத அட்டவணைக்குப் பட்டையும் தேவையில்லை. ஆனால் இரண்டாம் தாளில் 48 வீடுகளின் பங்கு இருக்கிறது. வீட்டு எண்ணிலிருந்து தொகைவரை கண் வழி தவறாமல் போக, ஒன்றுவிட்டு ஒரு வரிக்குச் சாம்பல் பூசலாம், ஐந்து விழுக்காடு அளவுக்கு. பட்டை போட்ட பிறகு வரிகளுக்கு இடையே கோடும் போடாதீர்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

[திரையில்: நகலெடுத்த தாள், நெருக்கத்தில்]

ஒட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். சாம்பல் பட்டை நகலில் கரும்புள்ளிகளாக மாறி, தசமப் புள்ளி எது, அழுக்கு எது என்று தெரியாமல் போகலாம். அப்படி ஆனால் பட்டையை எடுத்துவிட்டு, ஐந்து வீடுகளுக்கு ஒருமுறை சிறிய இடைவெளி விடுங்கள். எங்கள் வாசலில் இப்போது இருப்பது அந்தத் தாள்தான்.