ஒரு சப்போர்ட் மட்டும் 10 மி.மீ. இறங்கினால்: மூன்று மொமென்ட் சமன்பாட்டில் தொலைந்துபோகும் மைனஸ்

வணக்கம். போர்டில் ஒரு பீம் வரைந்து வைத்திருக்கிறேன், பாருங்கள். A, B, C, D என்று நான்கு சப்போர்ட், மூன்று ஸ்பான், ஒவ்வொன்றும் 6 மீட்டர். பீம் முழுக்க மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் பரவல் சுமை. இரண்டு முனையும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, அதனால் A-யிலும் D-யிலும் மொமென்ட் பூஜ்யம். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். இன்று B மட்டும் 10 மில்லிமீட்டர் கீழே இறங்கப் போகிறது.

முதலில் சமன்பாடு. சாகிங், அதாவது பீம் சிரிக்கிற மாதிரி வளைவது, பிளஸ். ஹாகிங், அதாவது மேல்நோக்கிப் புடைப்பது, மைனஸ். EI, அதாவது பீமின் விறைப்பு, முழு நீளத்துக்கும் ஒன்றே.

```
MA·L1 + 2·MB·(L1+L2) + MC·L2
   = −(w1·L1³/4 + w2·L2³/4) + 6EI·(δ1/L1 + δ2/L2)
```

இதில் நடு சப்போர்ட், இடது சப்போர்ட்டைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது δ1. வலது சப்போர்ட்டைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது δ2. "தாழ்ந்திருக்கிறது" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உயர்ந்திருந்தால் மைனஸ். கிளாபெரோன் 1857-இல் இந்தச் சமன்பாட்டை வெளியிட்டார். சப்போர்ட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாத நிலைக்கு அதை 1860-இல் விரித்தவர் மோர். ஆமாம், மோர் வட்டம் என்று படிக்கிறோமே, அதே மோர்தான்.

சரி, கடைசியில் இருக்கும் அந்த அடைப்புக்குறி என்ன சொல்கிறது? பீமை மறந்துவிட்டு, சப்போர்ட் தலைகளை மட்டும் நேர்கோட்டால் இணையுங்கள். B இறங்கியதும் A-B-C கோடு B-யில் மடங்குகிறது. δ1/L1 + δ2/L2 என்பது அந்த மடிப்பின் கோணம், வேறொன்றும் இல்லை. கோட்டில் மடிப்பு விழலாம், ஆனால் பீம் முறியாமல் B-யைத் தாண்டி வழுவழுப்பாகப் போக வேண்டும். அதற்காக அது வளைந்து கொடுக்கிறது, அந்த வளைவுக்கு ஒரு மொமென்ட் தேவைப்படுகிறது. மடிப்பு V மாதிரி இருந்தால் பிளஸ், கவிழ்த்த V மாதிரி இருந்தால் மைனஸ்.

இப்போது கணக்கு. EI-க்கு 18000 kN·m² எடுத்துக்கொள்கிறேன். எஃகுக்கு E என்பது 2×10⁸ kN/m². I என்பது 9000 cm⁴. 300 மி.மீ. உயரமுள்ள ஐ செக்ஷனுக்கு ஏறக்குறைய இவ்வளவு வரும். δ-வை மீட்டரில் 0.01 என்று போடுங்கள். 10 என்று அப்படியே போட்டால் செட்டில்மென்ட்டின் பங்கு ஆயிரம் மடங்கு எகிறும், அதை யாரும் கவனிக்காமல் விட முடியாது. எனக்குப் பயம் கவனிக்கவே முடியாத தப்பைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன்.

முதல் சமன்பாடு A-B-C. நடுவில் B. அது A-யைவிடவும் தாழ்வு, C-யைவிடவும் தாழ்வு. இரண்டும் பிளஸ்.

```
24·MB + 6·MC = −2160 + 6(18000)(0.01/6 + 0.01/6) = −2160 + 360
```

இரண்டாவது B-C-D. இங்கே நடுவில் இருப்பது C. அது இறங்கவே இல்லை, ஆனால் அதன் இடது பக்கத்து B இறங்கிவிட்டது. அப்படியென்றால் B-யைவிட C 10 மி.மீ. உயர்ந்திருக்கிறது. D-யோடு ஒரே மட்டம். கோட்டைப் பாருங்கள்: B-யிலிருந்து ஏறி வந்து C-யில் மட்டமாகிறது, கவிழ்த்த V. மைனஸ்.

```
6·MB + 24·MC = −2160 + 6(18000)(−0.01/6 + 0) = −2160 − 180
```

இரண்டையும் தீர்த்தால் B-யில் −54, C-யில் −84 கிலோ நியூட்டன் மீட்டர். செட்டில்மென்ட் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டிலும் −72. அதாவது இறங்கிய சப்போர்ட்டின் மேல் ஹாகிங் 18 குறைந்திருக்கிறது, இறங்காத பக்கத்துச் சப்போர்ட்டில் 12 கூடியிருக்கிறது. அடி வாங்குவது அடுத்த வீட்டுக்காரன்!

நான் படிக்கும் காலத்தில் "செட்டில்மென்ட் என்றால் பிளஸ்" என்று மனப்பாடம் செய்துவிட்டு, இரண்டாவது சமன்பாட்டிலும் +180 போட்டேன். B-யில் −58, C-யில் −68 வந்தது. பார்ப்பதற்கு எவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கிறது! எண்கள் நியாயமான அளவில் இருக்கின்றன, எதுவும் உறுத்தவில்லை. ஆனால் 84 தாங்க வேண்டிய இடத்தை 68-க்கு வடிவமைத்திருப்பேன். ரியாக்‌ஷன் கூட்டிப் பார்த்தாலும் இந்தத் தப்பு பிடிபடாது. மொமென்ட் என்னவாக இருந்தாலும் ரியாக்‌ஷன்களின் கூட்டுத்தொகை மொத்தச் சுமைக்குச் சரியாகத்தான் வரும்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? சுமையை எடுத்துவிட்டு, செட்டில்மென்ட்டின் பங்கை மட்டும் தனியாகப் பாருங்கள். சரியான விடையில் அது B-யில் +18, C-யில் −12. B-யைக் கீழே இழுத்த பீமைக் கையால் வரையுங்கள்: B-யில் சிரிக்கும், C-யைத் தாண்டும்போது மேல்நோக்கிப் புடைக்கும். குறிகள் மாறி மாறி வர வேண்டும். தப்பான விடையில் B-க்கு +14, C-க்கு +4, இரண்டும் பிளஸ். சுமையே இல்லாத பீம் இரண்டு இடத்திலும் சிரிக்க வேண்டுமென்றால் C-யும் இறங்கியிருக்க வேண்டும். அது இறங்கவில்லையே.

ரியாக்‌ஷன்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம். முன்பு A-யிலிருந்து வரிசையாக 48, 132, 132, 48. இப்போது 51, 124, 139, 46. கூட்டினால் 360, சரி. இறங்கிய B தன் சுமையில் 8-ஐ விட்டுவிட்டது. C-யும் A-யும் அதை வாங்கிக்கொண்டதோடு, D விட்ட 2-ஐயும் சேர்த்துச் சுமக்கின்றன. அப்புறம் AB ஸ்பானின் சாகிங்கை மறந்துவிடாதீர்கள். 48²/40 என்று 57.6 இருந்தது, இப்போது 51²/40, அதாவது 65. B-யில் ஹாகிங் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிட்டு இந்த இடத்தைப் பார்க்காமல் விடுபவர்கள் உண்டு.

இன்னொன்று. செட்டில்மென்ட் இல்லாத கணக்கில் EI வெட்டுப்பட்டுப் போய்விடும், அதனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே அது நேராக உள்ளே நிற்கிறது. பீமை இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் அந்த 18-ம் 12-ம், 36-ம் 24-மாக ஆகிவிடும். பலப்படுத்துவதாக நினைத்து I-யை ஏற்றினால் C-யில் −96 வந்து நிற்கும். கான்கிரீட் என்றால் விரிசல், க்ரீப் இரண்டும் EI-யைக் குறைப்பதால், மெதுவாக நடக்கும் செட்டில்மென்ட்டின் தாக்கம் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரேயடியாக இறங்கினால் க்ரீப் தரும் சலுகை கிடையாது.

முடிக்கும் முன் C-யையும் அதே 10 மி.மீ. இறக்கிப் பார்ப்போம். B-யில் A பக்கம் மட்டும் தாழ்வு, C பக்கம் சமம், ஆக +180. C-யிலும் அதேபோல +180. இரண்டிலும் −66 வருகிறது. ஒன்று மட்டும் இறங்கியபோது C-யில் 84 இருந்தது. இரண்டும் சேர்ந்து இறங்கினால், எதுவுமே இறங்காதபோது இருந்த 72-ஐவிடக்கூடக் குறைவு. மடிப்பை வரைந்து பாருங்கள், B-யிலும் C-யிலும் V-தான், ஆனால் முன்பு B-யில் இருந்த மடிப்பில் பாதிக் கோணம்.