பாத்ரூமில் சாக்கடை வாடையா? ஜாலியைத் தூக்கிப் பாருங்கள்

[காட்சி: விருந்தினர் அறை பாத்ரூம். தரையில் ஸ்டீல் ஜாலி.]

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், சில வாரம் கழித்துத் திரும்புகிறீர்கள். பாத்ரூம் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. உடனே பினாயிலைத் தேடாதீர்கள், அது வாடையை மூடி மறைக்க மட்டுமே உதவும். ஜாலியைத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

[காட்சி: டார்ச் வெளிச்சத்தில் காய்ந்துபோன ட்ராப்.]

ஜாலிக்குக் கீழே இருப்பது ட்ராப். பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், வழக்கமாக இரண்டு அங்குல ஆழத்துக்கு. சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத பாத்ரூமில், அதுவும் வெயில் காலத்தில், அது ஆவியாகிவிடும். அப்புறம் வாயுவுக்குத் தடையே இல்லை.

டார்ச் அடித்தால் தண்ணீர் பளபளக்கவில்லையா? அரை வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். வாடை அடங்கினால் வேலை முடிந்தது. அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றியபின் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். அது மேலே மிதந்து, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும்.

[காட்சி: கையுறை போட்ட கை, ட்ராப்புக்குள்ளிருந்து கப்பை வெளியே எடுக்கிறது.]

சரி, தண்ணீர் இருந்தும் நாறுகிறதா? அப்போது சந்தேகப்பட வேண்டியது அழுக்கை. பல ட்ராப்களில் கவிழ்த்துவைத்த கப் ஒன்று இருக்கும். கையுறை போட்டு அதை வெளியே எடுங்கள். கப்பின் உள்பக்கத்தில் முடியும் சோப்பும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒட்டியிருக்கும். வாடை அங்கிருந்துதான். முடியைக் கம்பிக் கொக்கியால் இழுத்து எடுத்து, கப்பையும் ட்ராப்பின் சுவரையும் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பி.வி.சி. குழாய் நெளிந்துவிடலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலையே பாதிக்கும்.

கழுவிய கப்பைத் திரும்பப் போட மறக்காதீர்கள். தண்ணீர் வேகமாகப் போகிறதே என்று சிலர் அதை வெளியே எடுத்தே வைத்துவிடுகிறார்கள். கப் வைத்த ட்ராப்பில் அது இல்லாவிட்டால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வாயு நேராக மேலே வரும்.

[காட்சி: ட்ராப்பில் தண்ணீர் குமிழியிடுகிறது.]

ஊற்றிய தண்ணீர் ஒரே நாளில் வற்றினால் ட்ராப்பில் விரிசல் இருக்கலாம். மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழே 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், வென்ட் பைப்போ மெயின் லைனோ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்குமே பிளம்பர்தான் வர வேண்டும். எப்போது வற்றுகிறது, எப்போது சத்தம் வருகிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். தரையை உடைக்கும் முன் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.