அன்னதான அளவுப் பட்டியல்: 400 பேருக்கு எவ்வளவு?

(காட்சி: கோவில் மண்டபம், தரையில் விரித்த வாழையிலைகள்)

திருவிழா அன்னதானத்துக்கு 400 பேர் வருகிறார்கள், அதில் 100 பேர் குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். பலர் எல்லாவற்றையும் 400ஆல் பெருக்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அரிசிக்கு ஒரு தலைக்கணக்கு, இனிப்புக்கு வேறொரு தலைக்கணக்கு.

முதலில், பரிமாறுபவர்கள் 20 பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்தியில் வெறும் ரசத்தோடு எழுந்துபோவது பெரும்பாலும் அவர்கள்தான்.

(திரையில்: அரிசி)

அரிசி வயிற்றுக் கணக்கு. இரண்டு குழந்தைகளை ஒரு பெரியவராக எண்ணினால் 370 பேர். சாம்பார், ரசம், மோர் என மூன்று முறை சோறு போடும் சாப்பாட்டுக்குத் தலைக்கு 110 கிராம் பச்சையரிசி எடுத்தால், சுமார் 41 கிலோ. இலையில் புளியோதரையும் வைத்தால் வெள்ளைச் சோறு குறையும். 80 கிராம் போதும். வயல் வேலை செய்பவர்கள் மிகுந்த ஊரில் 150 கிராமும் பற்றாது. சாம்பாருக்குத் துவரம்பருப்பு, அதே 370 பேருக்கு, தலைக்கு 25 கிராம்.

ஆனால் 41 கிலோவையும் ஒரே நேரத்தில் வடிக்காதீர்கள். 10 கிலோ அரிசிச் சோற்றுக்கு ஒரு கூடை என்று வைத்து, முதலில் மூன்று கூடை வடியுங்கள். நூறு நூறு பேராக நான்கு பந்தி. இரண்டாம் பந்தி எழுந்ததும் கூடைகளைப் பாருங்கள். ஒன்றரைக் கூடை தீர்ந்திருந்தால், மீதி ஒன்றரை அடுத்த இரண்டு பந்திக்குச் சரியாக இருக்கும். பரிமாறுபவர்களுக்காக இன்னும் 3 கிலோ உலையில் போட்டால் போதும். 8 கிலோ அரிசி மூட்டையிலேயே இருக்கும். மாறாக, மூன்றில் இரண்டு கூடை காலியென்றால் மிச்சம் 11 கிலோவையும் உடனே போட்டுவிட வேண்டும். அதற்காக உலைநீர் கொதித்தபடியே இருக்கட்டும்.

(திரையில்: காய்)

பொரியல் இலைக் கணக்கு. பசி எப்படி இருந்தாலும் ஒவ்வோர் இலையிலும் ஒரு கரண்டி விழும். எனவே 420 இலை. நறுக்கிய முட்டைக்கோஸ் இலைக்கு 60 கிராம் என்றால் 25 கிலோ. மேலிலையும் தண்டும் கழியும் என்பதால் 30 கிலோ வாங்க வேண்டும்.

(திரையில்: இனிப்பு)

இனிப்பில் குழந்தை அரை ஆள் கிடையாது. லட்டு 420, உடைவதற்கும் ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்கும் 20 சேர்த்து 440. லட்டு வேண்டாம், சேமியா பாயசம்தான் என்றால் தலைக்கு 100 மில்லி, ஆக 42 லிட்டர்.

பாயசத்தில் ஒரு பொறி உண்டு. ஆற ஆறச் சேமியா பாலை உறிஞ்சிக் கெட்டியாகும். முதல் பந்தியில் ஓடிய பாயசம் நான்காம் பந்தியில் களிபோல் கரண்டியில் குவிந்து நிற்கும். ஒரு கரண்டிக்கு ஒன்றரைக் கரண்டி போய்விடும். கடைசி வரிசைக்குப் பாயசம் எட்டாமல் போவதற்குக் கணக்கைவிட இதுவே அடிக்கடி காரணம். 42 லிட்டரில் 5 லிட்டரைக் காய்ச்சிய பாலாகத் தனியே வைத்து, பந்திக்குப் பந்தி சூடாக ஊற்றித் தளர்த்துங்கள்.

(காட்சி: கடைசிப் பந்தியில் பரிமாறியவர்கள் அமர்கிறார்கள்; இலையில் பாயசம் விழுகிறது)