கார்டை மூடியாச்சு, மிச்சப் பணம் எங்கே?

வணக்கம் நேயர்களே. வெளிநாடு போய் வந்தவர்கள் ஃபாரெக்ஸ் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வங்கியில் கேட்டால் "கார்டு மூடியாச்சு சார், எங்கள் பக்கம் ஒன்றும் பாக்கி இல்லை" என்கிறார்கள். கார்டை மூடுவது ஒரு வேலை, அதிலிருக்கும் டாலரையோ யூரோவையோ ரூபாயாக மாற்றி உங்கள் கணக்கில் போடுவது இன்னொரு வேலை; முதல் வேலைக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள்.

மிச்சப் பணத்தை நீங்கள் கேட்டவுடன் தர வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. பிடித்து வைக்க அனுமதி மூன்றுக்குத்தான்: கடைக்காரரோ ஓட்டலோ அனுமதி வாங்கி இன்னும் வசூலிக்காத தொகை, இன்னும் கணக்கில் ஏறாமல் வழியில் இருக்கும் பரிவர்த்தனைகளுக்காக 100 டாலருக்கு மிகாத ஒரு சிறு தொகை, அப்புறம் கட்டணமும் வரியும். முதல் இரண்டையும்கூடக் கணக்குத் தீரும் காலம் வரைதான் வைத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். போர்ச்சுகல் போய் வந்த ஒருவரின் கார்டில் மூடும் அன்று மொத்த இருப்பு 640 யூரோ, பயன்படுத்தக்கூடிய இருப்பு 440. நடுவிலுள்ள 200 யூரோ, லிஸ்பனில் அறை எடுத்தபோது ஓட்டல் முன்பணமாகப் பிடித்து வைத்தது. அறையைக் காலி செய்தபோது அதே ஓட்டல் 310 யூரோவைத் தனியாக வசூலித்துவிட்டது, ஆனால் பழைய 200-ஐ விடுவிக்கவில்லை. கார்டு கொடுத்த வங்கியோ அந்த 200-ஐக் காரணம் காட்டி 640-ஐயும் நிறுத்தி வைத்தது. விதிப்படி அந்த 200-ஐயும், 100 டாலருக்குச் சமமான யூரோவையும் கழித்தாலும்கூட 340 யூரோவுக்கு மேல் உடனே வந்திருக்க வேண்டும், அதாவது பாதிக்கும் மேல்.

இதை நிரூபிப்பது பரிவர்த்தனை ஸ்டேட்மென்ட்தான். கார்டை மூடிவிட்டால் பல இடங்களில் ஆன்லைன் லாகின் வேலை செய்யாது, அதனால் மூடும் முன்பே முதல் லோடு தொடங்கி கடைசி வரி வரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே மூடிவிட்டீர்களா, சரி, ஸ்டேட்மென்ட்டையும் கடிதத்திலேயே கேளுங்கள். அதில் ஓட்டலின் இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் அந்த 200 யூரோவுக்கான அனுமதி எண்ணை எழுதுங்கள், ஓட்டல் பில்லின் நகலையும் சேருங்கள். பல நாணயக் கார்டு என்றால் ஒவ்வொரு நாணயத்தின் இருப்பையும் தனித்தனியாகப் பாருங்கள், யூரோவைத் தந்துவிட்டு மறந்துபோன சில சுவிஸ் ஃபிராங்க்கை விட்டுவிடுவார்கள்.

கடிதத்தை கார்டை வழங்கிய வங்கிக்கு எழுதுங்கள். அந்தப் பெயர் கார்டிலேயே இருக்கும். நாணய மாற்றுக் கடையில் வாங்கியிருந்தால் அவர்களுக்கு ஒரு நகல் போதும். நான் எழுதித் தரும் வாசகம் இப்படி இருக்கும்:

"கடைசி நான்கு இலக்கம் இன்னதான என் கார்டை இந்தத் தேதியில் மூடக் கோரினேன், ஒப்புகை இணைத்துள்ளேன். அன்றைய இருப்பு 640 யூரோ. இதில் பிடித்து வைத்திருக்கும் தொகை எவ்வளவு, எந்தப் பரிவர்த்தனைக்காக, எந்தத் தேதி வரை என்று வரி வரியாகத் தெரிவிக்கவும். 200 யூரோ அனுமதிக்குரிய ஓட்டல் பில் 310 யூரோவாகத் தனியே தீர்க்கப்பட்டுவிட்டதால் அதையும் விடுவிக்கவும். மீதியை நான் கோரிய நாளின் வாங்கும் விகிதத்தில் என் வங்கிக் கணக்கில் வரவு வைத்து, கணக்கீட்டை அனுப்பவும்."

அந்த "கோரிய நாளின் விகிதம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தாமதம் அவர்களுடையது, அதற்குள் யூரோ இறங்கினால் நஷ்டம் ஏன் உங்கள் தலையில் விழ வேண்டும்? முழு கார்டு எண், பின், சிவிவி இவற்றை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம்.

மூடக் கோரிய கடிதத்தின் ஒப்புகை இன்னொரு விதத்திலும் முக்கியம். செலவழிக்காத அந்நியச் செலாவணியைத் திரும்பி வந்த 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நீங்கள் நேரத்துக்குள் கேட்டீர்கள் என்பதற்கு அந்தத் தேதி முத்திரைதான் சாட்சி.

கடிதம் சேர்ந்த 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். அங்கே ஏற்ற வேண்டியதும் இதே கடிதம், ஒப்புகை, அடிக்கோடிட்ட ஸ்டேட்மென்ட், ஓட்டல் பில் ஆகியவைதான்.